ஒன்பது மணிக்குச் சுற்றும் வட்டம்: கோளாறை எழுதிப் பிடிப்பது எப்படி?

வீட்டு இணையத்தில் வரும் கோளாறுகளில் மிகவும் படுத்துவது, வந்துவந்து போகும் கோளாறுதான். நெட் முழுதாகப் போய்விட்டால் காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதுவோ அப்படியில்லை. இரவில் தொடர் பார்க்கும்போது படம் மங்கும், நிற்கும், நடுவில் வட்டம் சுற்றும். மறுநாள் காலை பதினோரு மணிக்கு நெட் கம்பெனிக்காரர் வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். அவர் தன் போனில் வேகத்தைச் சோதித்து, “நூறு எம்பிபிஎஸ் வருது சார்” என்று காட்டிவிட்டுப் போவார். அவர் காட்டியது உண்மைதான். ஆனால் அது காலை பதினோரு மணியின் உண்மை, அதுவும் ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. கோளாறு இரவு ஒன்பது மணிக்கு, ஹாலில், டிவியில் வருகிறது.

இப்படிப்பட்ட கோளாறுக்கு இரண்டு கருவிகள் போதும். ஒன்று, என்ன நடந்தது என்று அன்றன்று எழுதும் நோட்டு. இன்னொன்று, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் கட்டுப்பாடு. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளக்க, ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகை வீடு. ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான். ரூட்டர் முன்னறையில், டிவி ஹாலில். அப்பா பணி ஓய்வு பெற்றவர். மகள் கட்டடப் பொறியாளர், இரவு எட்டே முக்கால் வாக்கில் வீடு திரும்புவார். ஒன்பது மணிக்கு மேல் டிவியில் வட்டம் சுற்றும்.

படம் ஏன் நிற்கிறது?

இணையத்தில் வரும் படம் ஒரே நீளக் கோப்பாக வருவதில்லை. சில நொடிகள் ஓடக்கூடிய சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். டிவியில் உள்ள செயலி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு முன்னதாகவே சில துண்டுகளை வாங்கிச் சேமித்து வைக்கிறது. துண்டுகள் வரத் தாமதமானால் இந்தச் சேமிப்பு கரையும். கரைவதைக் கண்டதும் செயலி தரம் குறைந்த துண்டைக் கேட்கும், அப்போது படம் மங்கும். சேமிப்பு காலியானால் படம் நிற்கும், வட்டம் வரும்.

முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். எனவே 100 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வேகம் பற்றாக்குறை இல்லை. இடையிடையே சில நொடிகள், சில நிமிடங்கள் ஓட்டம் தடைபடுவதுதான் சிக்கல். தடை எங்கே விழுகிறது என்பதே கேள்வி. அது நான்கு இடங்களில் விழலாம்: படத்தை அனுப்பும் நிறுவனம், வீடு வரை வரும் ஃபைபர் இணைப்பு, ரூட்டரிலிருந்து டிவி வரையிலான வைஃபை, டிவியே.

ரூட்டரை அணைத்துப் போடுவதில் உள்ள சிக்கல்

வட்டம் சுற்றினால் பெரும்பாலோர் முதலில் செய்வது ரூட்டரை அணைத்துப் போடுவதுதான். பல சமயம் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் அந்த ஒரு சுவிட்சில் குறைந்தது நான்கு விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன. ரூட்டரின் நினைவகம் காலியாகிறது. வைஃபை சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால் அது வேறு சேனலுக்குத் தாவலாம். நெட் கம்பெனியுடனான இணைப்பு புதிதாகத் தொடங்குகிறது. வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் துண்டிக்கப்பட்டு மீண்டும் சேர்கின்றன. அப்போது பின்னணியில் எதையோ அனுப்பிக்கொண்டிருந்த போனும் நின்றுவிடும். சரியானது இவற்றில் எதனால் என்று சொல்ல வழியில்லை. நாளை மறுபடி வரும்போது நாம் இன்று இருந்த இடத்திலேயே இருப்போம். அதோடு, கோளாறு நடந்துகொண்டிருந்த அந்த ஐந்து நிமிடம்தான் அதைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு. அணைத்ததும் அது போய்விடுகிறது.

ஆகவே முதல் விதி: வட்டம் வந்ததும் எதையும் தொடாமல் பார்த்து எழுத வேண்டும், அதற்குப் பிறகே மற்றவை.

நோட்டில் எதை எழுதுவது?

“நேத்து ராத்திரி நெட் மோசம்” என்ற குறிப்பால் பயனில்லை. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கருவி, எந்தச் செயலி, எந்த வைஃபை, அதே சமயம் வேறு கருவி ஓடியதா, வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, நாம் எதையாவது தொட்டோமா என்பவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோளாறின் சரியான உருவம் வேண்டும். படம் முதலில் மங்கி, பிறகு நின்றால் துண்டுகள் வரவில்லை என்று பொருள். குரல் தடையில்லாமல் ஓட, படம் மட்டும் வெட்டிவெட்டி நகர்ந்தால் டிவியின் திறன் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு செயலியில் மட்டும் வந்தால் அந்தச் செயலியையோ நிறுவனத்தையோ பார்க்க வேண்டும்.

யூடியூபில் இதை நேரடியாகவே பார்க்கலாம். அமைப்புகளில் `Stats for nerds` என்பதை இயக்கினால் திரையின் ஓரத்தில் சில எண்கள் வரும். `Buffer Health` என்பது கையிருப்பில் எத்தனை நொடிப் படம் இருக்கிறது என்பதைச் சொல்லும். அது சரிந்து பூச்சியத்தைத் தொட்டுப் படம் நின்றால், குற்றம் வழியில். அது நிறைய இருக்கும்போதே படம் வெட்டி, `Frames` வரியில் dropped எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குற்றம் கருவியில்.

அடுத்தது, வழியில் எந்தப் பாதி என்பது. டிவிக்குப் பக்கத்தில், டிவி சேர்ந்திருக்கும் அதே வைஃபையில் ஒரு விண்டோஸ் மடிக்கணினியை வைத்து, இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து ஆளுக்கொரு வரி தட்டுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது வீட்டு ரூட்டரின் முகவரி. சில ரூட்டர்களில் இது வேறாக இருக்கும். `ipconfig` என்று தட்டினால் `Default Gateway` வரியில் சரியான எண் தெரியும். இரண்டாவது கூகுளின் பொதுச் சேவையகம். ஒவ்வொரு நொடியும் ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று திரையில் ஓடும். ரூட்டருக்குப் போய்வர வழக்கமாகச் சில மில்லி நொடிகளே ஆகும். கோளாறு வரும்போது ரூட்டர் எண் அப்படியே இருந்து, கூகுள் எண் மட்டும் எகிறினால், தடை ரூட்டருக்கு அப்பால். இரண்டும் சேர்ந்து எகிறினால் தடை வீட்டுக்குள்ளேயே, வைஃபையில். இரண்டும் அமைதியாக இருக்கப் படம் மட்டும் நின்றால் செயலி, அனுப்பும் நிறுவனம் அல்லது டிவி. எப்போதாவது ஒற்றை எண் குதிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். பல ரூட்டர்கள் இந்தச் செய்திக்குப் பதில் சொல்வதை அவசர வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. தொடர்ந்து பத்து இருபது வரிகள் எகிறுகின்றனவா என்பதே கணக்கு.

நோட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது நல்ல இரவுகளை. ஒன்றும் நடக்காத நாளுக்கும் ஒரு வரி வேண்டும். கெட்ட நாட்களை மட்டும் எழுதினால் அவற்றில் பொதுவாக இருந்தது தெரியும். நல்ல நாட்களில் எது இல்லை என்பது தெரியாது. காரணம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

நம் மாதிரிக் குடும்பத்தின் நோட்டிலிருந்து மூன்று பதிவுகள்:

செவ்வாய், 9.05 முதல் 10.10 வரை. மங்கி, பிறகு வட்டம். தொடர் செயலியிலும் யூடியூபிலும். `Buffer Health` பூச்சியம். ரூட்டர் எண் 250 முதல் 400, இடையிடையே `Request timed out`. முன்னறையில் அம்மாவின் போன் நன்றாக ஓடியது. மகள் வந்தாயிற்று, அவள் அறையில் ஏசி ஓடுகிறது, போன் சார்ஜில். எதையும் தொடவில்லை.

புதன். கோளாறு இல்லை. ரூட்டர் எண் 2 முதல் 5. மகள் வெளியூர்.

ஞாயிறு. கோளாறு இல்லை. மகள் வீட்டில், ஏசி போடவில்லை.

எழுதியதே சொன்னவை

இரண்டு வாரம் எழுதியதில் எட்டு இரவுகள் கெட்டவை, ஆறு நல்லவை. எட்டும் வேலை நாட்கள். நல்லவற்றில் நான்கு சனி, ஞாயிறு; மற்ற இரண்டு, மகள் வெளியூர் போயிருந்த நாட்கள்.

அப்பாவின் முடிவு முதலிலிருந்தே ஒன்றுதான்: “ராத்திரி ஊரே நெட் பாக்குது, அதான் இழுக்குது.” நோட்டைப் பார்த்த அம்மா கேட்டார்: “ஞாயித்துக்கிழமை மட்டும் ஊரு பாக்கலையாங்க?” அந்தக் கேள்வி நியாயமானது. மாலை நெரிசல் என்பது உண்மையிலேயே உண்டு. ஒரு பகுதியின் வீடுகள் பலவும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது இரவில் வேகம் குறையலாம். ஆனால் அப்படியானால் விடுமுறை இரவுகளிலும் வர வேண்டும், ரூட்டர் எண் அமைதியாக இருக்க வேண்டும். இரண்டும் இங்கே பொருந்தவில்லை. எதையும் மாற்றுவதற்கு முன்பே, நோட்டு மூன்று சந்தேகங்களை அடித்துவிட்டது. இரண்டு செயலிகளிலும் வந்ததால் அனுப்பும் நிறுவனம் இல்லை. படம் மங்கி நின்றதாலும் கையிருப்பு காலியானதாலும் டிவியின் திறன் இல்லை. ரூட்டர் எண்ணே எகிறியதால் வெளி இணைப்பு இல்லை.

ஒன்றை மட்டும்

சோதனையைத் தொடங்கும் முன், தானாக மாறக்கூடியவற்றை நிறுத்திவைக்க வேண்டும். நாம் ஒன்றை மாற்றும் அதே நாளில் ரூட்டர் தானாகச் சேனலை மாற்றிக்கொண்டால் நம் கணக்கு கெட்டுவிடும். எனவே அப்பா ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து, அப்போது இருந்த 6-லேயே நிறுத்தினார். டிவி செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் அணைத்தார்.

ஒரு மாற்றத்துக்கு எத்தனை இரவு காத்திருப்பது? இதற்கும் நோட்டுதான் விடை தரும். ஒரு கோளாறு இரண்டு இரவுக்கு ஒருமுறை வருகிறது என்றால், நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் ஒரு நல்ல இரவு அமைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூன்று இரவுகள் தொடர்ந்து நன்றாக அமைய எட்டில் ஒரு வாய்ப்பு; ஐந்து என்றால் முப்பத்திரண்டில் ஒன்று. “சேனல் மாத்தினேன், அன்னிக்கே சரியாயிடுச்சு” என்பது ஏன் நம்பத் தகாதது என்பது இதில் தெரியும். நம் குடும்பத்துக்கு வேலை நாட்களில் ஐந்துக்கு நான்கு முறை வந்ததால், ஒரு மாற்றத்துக்கு மூன்று வேலை நாள் என்று வைத்துக்கொண்டார்கள். அரிதாக வரும் கோளாறுக்கு இன்னும் நீண்ட பொறுமை வேண்டும்.

முதல் மாற்றம் சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கும். அப்பா 6-லிருந்து 1-க்கு மாற்றினார். மூன்று இரவும் வட்டம் வந்தது. அவர் அடுத்து செய்ததுதான் முக்கியம்: சேனலை மறுபடி 6-க்கே கொண்டுவந்தார். பயன் தராத மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைச் சேர்த்தால், அதன் பிறகு சோதிப்பது ஒன்றையல்ல, இரண்டை.

இரண்டாவது மாற்றம் கேபிள். முன்னறை ரூட்டரிலிருந்து ஹால் டிவிக்குத் தரையோடு ஒரு லேன் கேபிளை இழுத்துப் போட்டார். மூன்று இரவும் படம் துளியும் நிற்கவில்லை. நான்காம் நாள் கேபிளைப் பிடுங்கினார். ஒன்பது மணிக்கு வட்டம் வந்தது. மாற்றினால் போகிறது, பழையபடி வைத்தால் வருகிறது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது சான்று. இதில் டிவி, ஃபைபர், ரூட்டரின் உட்பகுதி மூன்றும் நல்லவை என்று உறுதியாயிற்று. குற்றம் முன்னறைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள காற்றில்.

இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கேபிளை நிரந்தரமாகப் போட முடிந்தவர்கள் போட்டுவிடுவதே நல்லது. இவர்களுடையது வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. எனவே காரணத்தைத் தேடிப் போனார்கள்.

நோட்டில் கெட்ட இரவுகள் எல்லாவற்றிலும் இரண்டு குறிப்புகள் சேர்ந்தே இருந்தன: மகள் அறை ஏசி, மகளின் போன் சார்ஜில். எது என்று நோட்டால் சொல்ல முடியாது. எப்போதும் சேர்ந்தே வரும் இரண்டைப் பிரிக்க மாற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. மூன்றாவது மாற்றமாக ஏசியை நிறுத்தி, மின்விசிறியோடு இருந்தார் மகள். வட்டம் வந்தது. ஏசி மறுபடி போடப்பட்டது. நான்காவது மாற்றமாக, மற்ற எல்லாம் வழக்கம்போல் இருக்க, அவர் போனில் வைஃபையை மட்டும் அணைத்து மொபைல் டேட்டாவில் இருந்தார். மூன்று இரவும் வட்டம் இல்லை. வைஃபையை மறுபடி இயக்கிய இரவில், போனைச் சார்ஜில் போட்டுச் சில நிமிடங்களில் ரூட்டர் எண் முந்நூறைத் தாண்டியது.

கடைசிச் சோதனையில் வைஃபை இயங்கியது, போனின் படச் சேமிப்பு வசதி மட்டும் நிறுத்தப்பட்டது. டிவி சீராக ஓடியது. காரணம் முழுமையாகக் கிடைத்தது. மகள் பகல் முழுதும் கட்டுமான இடத்தில் படங்களும் காணொளிகளும் எடுக்கிறார். இரவில் போன் சார்ஜில் ஏறியதும் அவற்றையெல்லாம் இணையத்தில் உள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. சனி, ஞாயிறில் அனுப்ப அவ்வளவு இல்லை.

ஒரு போன் எப்படி ஒரு டிவியை நிறுத்தும்?

பிளான் 100 எம்பிபிஎஸ். போன் அனுப்புவதோ அதில் சிறு பங்கு. பிறகு ஏன்? வைஃபையில் ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். ரூட்டருக்குத் தொலைவில், இரண்டு சுவர்களுக்கு அப்பால் உள்ள போனுக்குச் சிக்னல் பலவீனம். பலவீனமான சிக்னலில் தகவலை மெதுவாகத்தான் அனுப்ப முடியும், ஆகவே அதே அளவு தகவலுக்கு அது பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுண்டர் இருந்து, ஒருவர் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தால் பின்னால் நிற்கும் எல்லாருக்கும் தாமதமாவது போலத்தான் இது. மெதுவான ஒரு கருவி வேகமான கருவிகளையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும் என்பதை 2003-இலேயே பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினார்கள். இந்த வீட்டு டிவி பழையது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அதற்குத் தெரியும். மகளின் போனும் தொலைவு காரணமாக அதே அலைவரிசையில்தான் இருந்தது. முன்னறையில் அம்மாவின் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. சேனலை மாற்றியபோது ஏன் பயனில்லை என்பதும் இப்போது புரியும்: ரூட்டர் சேனல் மாறினால் டிவியும் போனும் சேர்ந்தேதான் மாறுகின்றன.

தீர்வு எளிது. இரவுச் சேமிப்பை நிறுத்திவிட்டு, காலையில் முன்னறையில் காப்பி குடிக்கும் நேரத்தில், ரூட்டர் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் மகள் அனுப்பிவிடுகிறார்.

இந்த முறையின் எல்லைகள்

சில கோளாறுகளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்றை நீக்கினால் கோளாறு முழுதாகப் போகாது, குறையும். வாரம் ஐந்து முறை வந்தது இரண்டாகக் குறைந்தால் அந்த மாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும். குறைந்ததா இல்லையா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது, நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நெட் கம்பெனி தெருவில் செய்யும் வேலை போன்றவை நம் கையில் இல்லை. தெரியவந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்வதே நம்மால் ஆனது.

குற்றம் வெளியே என்று தெரியவந்தாலும் நோட்டு வீணாகாது. கேபிளில் இணைத்த மடிக்கணினியில், ரூட்டர் எண் 1 என்று அமைதியாக இருக்க, வெளி எண் மட்டும் எகிறிய தேதிகளும் நேரங்களும் கையில் இருந்தால், புகார் செய்யும்போது அவற்றை வரிசையாகப் படியுங்கள். அந்தச் சமயம் பெட்டியில் `LOS` விளக்கு சிவப்பாக எரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஃபைபரில் ஒளி வரவில்லை என்பதற்கு அது அடையாளம். வெளியே அனுப்பும் பெரிய கோப்பு எதுவும் வீட்டிலிருந்து அப்போது போகவில்லை என்பதை மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள், அதுவும் வெளி எண்ணை எகிற வைக்கும். “ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்க” என்ற பதிலோடு இப்படிப்பட்ட புகாரை எளிதில் முடித்துவிட முடியாது.

இந்தக் குடும்பம் பெரிய பிளானுக்கு மாறியிருந்தாலும் வட்டம் நின்றிருக்காது, ஏனென்றால் தடை இருந்த இடம் பிளானில் இல்லை. புதிய ரூட்டருக்கோ கூடுதல் வேகத்துக்கோ பணம் கட்டும் முன் இரண்டு வாரம் எழுதுங்கள். அதன் பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், போதிய நாள் காத்திருங்கள், சரியானால் ஒருமுறை பழையபடி வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.